நாற்பது பேரின் குரலுக்கு நான்கு மடங்கு நிறை: இளைஞர்களே நிரப்பிய ஒரு கணிப்பைத் திருத்துவது எப்படி?

போரில் கைவிட்டுப் போன காணி, அல்லது போருக்குப் பிறகும் உள்ளே போக விடாமல் தடுக்கப்பட்ட காணி தொடர்பாக உங்கள் குடும்பத்துக்கு இன்னும் தீராத பிரச்சினை இருக்கிறதா? இந்த ஒற்றைக் கேள்வியை வைத்து நானும் இரண்டு நண்பர்களும் மருதமுனையிலிருந்து ஒரு கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் விட்டோம். நான்கு நாளில் நானூறு பதில்கள் வந்துவிட்டன. "ஆம்" என்றவர்கள் 31 சதவீதம். எழுதத் தொடங்கிவிட்டேன், தலைப்பும் தயார்.

அன்று பின்னேரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் தேத்தண்ணிக் கடையில் அதைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தவர் ஒன்றுதான் கேட்டார்: "இதுல வயல் செய்றவன் எத்தின பேர் இருக்கான் மகன்?"

போய்ப் பார்த்தேன். பாதிப் பேர் 35 வயதுக்குக் குறைந்த, மாநகர சபை எல்லைக்குள் இருப்பவர்கள். காணிக் கேள்வியில் இது சின்ன விடயம் அல்ல. இன்று 29 வயதானவருக்குப் போர் முடிந்த 2009இல் பதின்மூன்று வயது கூட ஆகியிருக்காது. 1990ஐ நினைவில் வைத்திருக்க வேண்டுமானால் இன்று நாற்பதைத் தாண்டியிருக்க வேண்டும். வாப்பாவின் பெட்டிக்குள் எந்த உறுதி இருக்கிறது, எது எரிந்துபோனது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வட்டமடுப் பக்கம் வயல் வைத்திருந்தவர்களின் பிணக்கு கல்முனை நகரில் வளர்ந்த பல்கலைக்கழக மாணவனின் தொலைபேசிக்கு வருவதும் இல்லை. அப்படியானால் 31 சதவீதம் என்பது யாருடைய எண்?

இதைத் திருத்த ஒரு பழைய வழி இருக்கிறது. பதில்கள் கைக்கு வந்த பிறகு அவற்றை வயது, இடம் போன்ற படைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படைக்கும் சனத்தொகையில் உள்ள அளவுக்கே செல்வாக்குக் கொடுப்பது. பதில் வந்த பின் செய்வதால் இதைப் பின்படையாக்கம் என்றும், கொடுக்கும் எண்ணை நிறை என்றும் சொல்லலாம். பாடசாலையில் படித்த நிறையேற்றிய சராசரிதான் இது. சூத்திரம் ஒரே வரி:

நிறை = சனத்தொகையில் அந்தப் படையின் பங்கு ÷ பதிலளித்தோரில் அந்தப் படையின் பங்கு

செய்து பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை உருட்டி வைத்திருக்கிறேன். சனத்தொகைப் பங்குகளும் விளக்கத்துக்காக நானே வைத்தவை. தயவுசெய்து இவற்றை அம்பாறையின் நிலைமை என்று யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

நானூறு பேரில் நகர இளையோர் 200, கிராம இளையோர் 80, நகர மூத்தோர் 80, கிராம மூத்தோர் 40. இங்கே மூத்தோர் என்றால் 35 வயதும் அதற்கு மேலும். "ஆம்" என்றவர்கள் அதே வரிசையில் 40, 28, 32, 24 பேர். கூட்டினால் 124, அதுதான் அந்த 31 சதவீதம். இனிப் படை படையாகப் பாருங்கள். நகர இளையோரில் 20 சதவீதம், கிராம இளையோரில் 35, நகர மூத்தோரில் 40, கிராம மூத்தோரில் 60 சதவீதம். ஒரே கேள்விக்கு நான்கு ஊர்களின் பதில் மாதிரி இருக்கிறது.

வளர்ந்தோர் சனத்தொகையில் இந்த நான்கு படைகளின் பங்கு முறையே 12, 26, 20, 42 சதவீதம் என்று வைப்போம். பதிலளித்தோரில் அவற்றின் பங்கு 50, 20, 20, 10. வகுத்தால் நிறைகள் வருகின்றன: 0.24, 1.3, 1, 4.2. அதாவது நகர இளைஞர் ஒருவரின் பதில் கால் பங்கு ஆளாக எண்ணப்படுகிறது, கிராமத்து மூத்தவர் ஒருவரின் பதில் நான்கு ஆட்களுக்கு மேலாக எண்ணப்படுகிறது. நிறையைப் பெருக்கிக் கூட்டினால் "ஆம்" 31 இலிருந்து 44.7 சதவீதமாகிறது. தலைப்பு மாறிவிட்டது.

இதோடு நிறுத்தினால் நானும் ஏமாந்து, வாசகரையும் ஏமாற்றியிருப்பேன். 44.7இல் பெரும்பங்கு அந்த நாற்பது கிராம மூத்தோரிடமிருந்து வருகிறது. அவர்களில் ஐந்து பேர் மட்டும் "இல்லை" என்று சொல்லியிருந்தால் முடிவு 39.5க்கு இறங்கிவிடும். நானூறில் ஐந்து பேர், ஐந்து புள்ளி வித்தியாசம்! லெஸ்லி கிஷ் என்ற மாதிரியெடுப்பு அறிஞரின் பெயரால் வழங்கும் ஒரு சுருக்கக் கணக்கு இதை அளக்க உதவும். எல்லா நிறைகளையும் கூட்டி அந்தக் கூட்டலை வர்க்கமாக்கி, அதை நிறைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எங்கள் கணக்கில் 400 × 400 ஐ 932.32 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 172. நானூறு பேரிடம் கேட்டிருந்தாலும், நிறையேற்றிய பிறகு கையில் இருப்பது 172 பேர் அளவுக்கான தகவல்தான். எழுமாற்றாக எடுத்த நானூறு பேருக்குக் கூட்டல் கழித்தல் 5 புள்ளி என்று சொல்லும் பிழை எல்லை, 172 பேருக்கு ஏழரைப் புள்ளியாக விரிகிறது. கணிப்பொன்றில் "நிறையேற்றப்பட்டது" என்று எழுதிவிட்டு, பிழை எல்லையை மட்டும் மொத்த ஆட்களின் எண்ணிக்கையில் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது, சனத்தொகைப் பங்கை எங்கிருந்து எடுப்பது? குடிசன மதிப்பீட்டிலிருந்துதான். வடக்குக் கிழக்கில் இந்த இடமே ஒரு காயம். 1981க்குப் பிறகு எண்ணிக்கை நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது அம்பாறை முழுமையாக எண்ணப்பட்டது, ஆனால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழு மாவட்டங்களில் முழுமையாகச் செய்ய முடியவில்லை. முழு நாடும் எண்ணப்பட்டது 2012இல்தான். இடையில் 31 வருடம். அந்தக் காலத்தில் இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிக் கணிப்புச் செய்த எவருக்கும் நிறை போடுவதற்கு உறுதியான அடித்தளம் இருக்கவில்லை. அடுத்த எண்ணிக்கை 2021இல் வந்திருக்க வேண்டும், பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் அதை 2024க்குத் தள்ளின. இடைப்பட்ட வருடங்களில் வெளிநாடு போன இளையோரைக் கழிக்காமல், 2012இன் வயதுப் பங்கை இன்று பிரயோகித்தால் நிறையே பிழையாகிவிடும்.

அதைவிட எங்கள் கரையில் சிக்கலானது "நகரம்" என்ற சொல். இலங்கைப் புள்ளிவிபரத்தில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மட்டுமே நகரம். பிரதேச சபை என்றால் கிராமம். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தோடு பழைய பட்டின சபைகளும் கிராமக் கணக்குக்குப் போயின. 2012இல் நாட்டின் நகரப் பங்கு வெறும் 18.2 சதவீதம் என்று வந்ததற்கு இந்த வரைவிலக்கணமும் ஒரு காரணம். மருதமுனையில் பஸ் ஏறி பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே போய்ப் பாருங்கள். மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள்தான். எங்கே நகரம் முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சாய்ந்தமருது வரை கல்முனை மாநகர சபை, ஆகவே நகரம். காரைதீவும் நிந்தவூரும் பிரதேச சபைகள், ஆகவே கிராமம்.

எங்கள் படிவத்தில் "நீங்கள் வசிப்பது நகரமா, கிராமமா?" என்று கேட்டிருந்தோம். நிந்தவூர்க்காரர் பலர் நகரம் என்று போட்டிருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குடிசன மதிப்பீடு அவர்களைக் கிராமத்தில் எண்ணியிருக்கும்போது, நாங்கள் நகரப் படையில் போட்டு நிறை கொடுத்தால் இரண்டு தராசில் நிறுத்த மாதிரி. இந்தப் பிழையைக் கணினி காட்டித் தராது, எண்கள் அழகாகவே வரும். திருத்தம் எளிது: மனிதரிடம் நகரமா கிராமமா என்று கேட்காமல் கிராம சேவகர் பிரிவைக் கேளுங்கள், வகைப்படுத்துவதை நீங்கள் செய்யுங்கள். நாங்கள் இரண்டாம் முறைதான் அப்படிச் செய்தோம். கட்டாரிலிருந்து பதில் போட்ட தம்பிமாரையும் அப்போதுதான் தனியே எடுத்து வைத்தோம். வதிவாளர் எண்ணிக்கையில் இல்லாதவருக்கு அந்த எண்ணிக்கையை வைத்து நிறை போட முடியாது.

வயதும் இடமும் சேர்ந்த அட்டவணை கிடைக்காமல், வயது தனியாகவும் இடம் தனியாகவும் மட்டும் கிடைத்தால் வேலை நின்றுவிடாது. முதலில் வயதுப் பங்கு பொருந்தும்படி நிறையை மாற்றி, பிறகு இடத்துக்குப் பொருத்தி, வயது குழம்பினால் திரும்ப வயதுக்கு என்று, இரண்டும் சேரும் வரை மாறி மாறிச் செய்வார்கள். ஒரு படையில் ஒருவருமே இல்லை என்றால் மட்டும் எந்த வித்தையும் உதவாது. சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம்தான். அப்போது படைகளை இணைக்க வேண்டும், அல்லது படிவத்தை மூடிவைத்துவிட்டு வீடு வீடாகப் போக வேண்டும்.

இனி ஆசிரியரின் கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது நான் நினைத்ததைவிட ஆழமானது. எங்கள் நாற்பது கிராம மூத்தோர் யார்? இணையப் படிவத்தை நிரப்பக் கூடியவர்கள். அதிபர், எழுதுவினைஞர், கடைக்காரர். வயல் செய்பவர் இரண்டோ மூன்றோ. பின்படையாக்கம் ஒரு நம்பிக்கையில்தான் நிற்கிறது: ஒரே படைக்குள் பதில் சொன்னவரும் சொல்லாதவரும் ஒரே மாதிரியானவர்கள் என்பது. அது பொய்யானால் 4.2 என்ற நிறை அதிபரின் குரலைத்தான் நான்கு மடங்காக்குகிறது. விவசாயி இன்னும் உள்ளே வரவில்லை.

இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் அமெரிக்காவில் உண்டு. 2012 ஜனாதிபதித் தேர்தலின்போது எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக ஒரு கணிப்பு நடந்தது. பதிலளித்தோரில் 93 சதவீதம் ஆண்கள், 65 சதவீதம் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். இருந்தும் ஆய்வாளர்கள் வயது, பால் என்பவற்றோடு கல்வி, மாநிலம், முந்தைய தேர்தலில் போட்ட வாக்கு ஆகியவற்றையும் சேர்த்துத் திருத்தியபோது, வழமையான கணிப்புகளோடு ஒப்பிடத்தக்க முடிவு வந்தது. பங்கேற்றவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் என்பதால், பெண்கள் ஏழு சதவீதம் என்றாலும் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தார்கள். எங்கள் நாற்பது பேரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்றது 2021இல் பேஸ்புக் வழியாக நடந்த கொவிட் தடுப்பூசிக் கணிப்பு. வாரத்துக்கு இரண்டரை லட்சம் பதில்கள், வயதுக்கும் பாலுக்கும் நிறையும் போட்டார்கள். ஆனாலும் மே மாதத்தில் தடுப்பூசி போட்டவர்களின் அளவை உண்மையைவிட 17 புள்ளி கூட்டிக் காட்டியது. அந்த நிறையில் கல்வி சேர்க்கப்படவில்லை. அதே காலத்தில் ஆயிரம் பேர் அளவில் கவனமாக எடுத்த இன்னொரு கணிப்பு உண்மைக்கு அருகில் இருந்தது.

தடுப்பூசி எண்ணிக்கை அரசிடம் இருந்ததால் அந்தப் பிழை பிடிபட்டது. காணி இழந்தவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அதனால் விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வி ஒன்றை நாமே படிவத்தில் வைக்க வேண்டும். கடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது ஒன்று. சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் தொகுதிகளின் முடிவு வெளியாகியே இருக்கிறது. கல்வி மட்டம் இன்னொன்று, அது குடிசன மதிப்பீட்டில் உண்டு. நிறை போட்ட பிறகும் இந்த விடைகள் உண்மையிலிருந்து வெகுதூரம் நின்றால், காணிக் கேள்வியின் விடையும் அவ்வாறே நிற்கக் கூடும். எங்கள் படிவத்தில் கல்வி கேட்டிருந்தோம். நிறையேற்றிய பிறகும் பட்டதாரிகள் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள்.

ஆகவே 44.7 என்ற எண்ணையும் நான் வெளியிடவில்லை. கிராம சேவகர் பிரிவுகளின் பட்டியலை எடுத்து, வயல் பக்கமாக ஆறு பிரிவுகளில் காகிதப் படிவத்தோடு நடக்கத் தொடங்கியிருக்கிறோம். முதல் நாள் சுபஹுக்குப் பிறகு போனோம், ஆண்கள் எல்லாரும் வயலுக்குப் போய்விட்டார்கள். இப்போது அஸருக்குப் பிறகு போகிறோம்.