துக்கப் பயணம் (சிதம்பரம் – கடலூர் வட்டாரம்)

நெருங்கிய உறவினர் இறந்த செய்தி கேட்டவுடன், முன்பதிவு எதுவும் இல்லாமல், பிணம் எடுப்பதற்குள் ஊர் சேர்வதற்காக மேற்கொள்ளும் பயணம். சிதம்பரம், கடலூர் பக்கத்துப் பேச்சில் "சாவுக்குப் போவது" என்றே சொல்வார்கள். புறப்படுகிறவர் முதலில் கேட்பது எப்படி இறந்தார் என்பதை அல்ல; "எப்போ எடுக்கிறாங்க?" என்பதைத்தான். அந்த நேரம் தெரிந்த பிறகுதான் ரயிலா, பேருந்தா, வாடகை வண்டியா என்ற பேச்சே எழும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவது இதில் சேராது. அதற்கு நாள் முன்கூட்டியே தெரியும். சீட்டு எடுக்க அவகாசம் உண்டு. இந்த வேறுபாடு கீழே மறுபடி குறுக்கிடும்.

செய்தியும் சான்றும்

தந்தி வருவதற்கு முன்பு சாவுச் செய்தி ஆள் வழியாகப் போனது. ஊர் ஊராக நடந்து இழவு சொல்லும் வேலை தலித் குடும்பங்கள்மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. கேட்டவர்கள் மாட்டு வண்டியில் வந்துசேரக்கூடிய தொலைவுதான் அன்றைக்கு உறவின் எல்லை. சென்னையில் வேலை பார்த்த மகன் அந்த எல்லைக்கு வெளியே இருந்தான். எரித்த பிறகோ புதைத்த பிறகோதான் வந்தான்.

தந்தி இந்த எல்லையை உடைத்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் செய்தி சுருங்கியது. "ஃபாதர் எக்ஸ்பயர்டு, ஸ்டார்ட் இமீடியட்லி" என்ற வாசகத்தை ஆங்கிலம் படிக்காதவர்களும் எழுத்துக்கூட்டி அறிந்திருந்தார்கள். நேரடியாக எழுத மனம் வராதவர்கள் "ஃபாதர் சீரியஸ்" என்று அடித்தார்கள். பெறுகிறவருக்கு அதன் பொருள் தெரியும். நல்ல செய்திக்கும் தந்தி வருவது உண்டு என்றாலும், தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதுமே வாசலில் அழுகை தொடங்கிவிடும். 2013 ஜூலை நடுவில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது.

அந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். தந்தி செய்தி மட்டுமல்ல, சான்றும்கூட. இடமும் தேதியும் நேரமும் பதிந்த அரசாங்கத் தாள் அது. மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கவும், படைவீரர் முகாமிலிருந்து கிளம்பவும் அதை நீட்டினால் போதும். இப்போது இறந்த பத்தாவது நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடுகிறது. கையில் தாள் மட்டும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1969) பதிவுக்குத் தரும் காலம் 21 நாள். சான்றிதழ் கைக்கு வரும்போது பயணம் எப்போதோ முடிந்திருக்கும். விமான நிறுவனங்களின் துக்கக் கட்டணம் பற்றிய சிக்கல்களில் பாதி இந்த இடைவெளியிலிருந்து பிறப்பவை.

இருப்புப் பாதை

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் பாதையைப் பழைய ரயில்வேக்காரர்கள் இன்றும் "மெயின் லைன்" என்றே சொல்வார்கள். தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் காலத்தில் சென்னையையும் தெற்கையும் இணைத்த முதன்மைப் பாதை அதுதான். பிறகு விருத்தாசலம் வழியான கார்டு லைன் விரைவு வண்டிகளில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. சிதம்பரத்துக்கு மெயின் லைன் என்ற பெயர் மிஞ்சியது. விழுப்புரம் – மயிலாடுதுறைப் பகுதி அகலப் பாதையாக மாற்றப்பட்டபோது சில ஆண்டுகள் வண்டியே ஓடவில்லை. 2010இல்தான் மறுபடி பயணிகள் வண்டி வந்தது. சாவுக்குப் பேருந்தில் போகும் பழக்கம் அந்த ஆண்டுகளில் உறுதிப்பட்டது என்பதே சரி.

கடலூரில் இறங்குகிறவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. அந்த ஊரில் நிலையங்கள் இரண்டு. புதுநகரத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகில் உள்ளது திருப்பாதிரிப்புலியூர், பழைய ஓ.டி. பக்கம் இருப்பது கடலூர் துறைமுகம் சந்திப்பு. எல்லா வண்டியும் இரண்டிலும் நிற்பதில்லை. முன்பதிவுத் திரையில் கடலூர் என்று மட்டும் தேடி "வண்டி இல்லை" என்று விட்டுவிடாமல் TDPR, CUPJ, CDM ஆகிய மூன்று குறியீடுகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். CDM என்பது சிதம்பரம். கடலூரிலிருந்து அங்கே சாலைவழி ஏறத்தாழ 45 கி.மீ.தான்.

இடம் பிடித்தல்

ரயில்வேயில் துக்கத்துக்கென்று கட்டணச் சலுகை கிடையாது. நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சிலருக்கான சலுகைப் பட்டியலில் இறந்தவரின் பிள்ளைக்கு இடமில்லை. துக்கம் என்ற சொல் இடம்பெறுவது அவசர ஒதுக்கீடு பற்றிய வழிமுறையில் மட்டுமே. ஒவ்வொரு வண்டியிலும் சில படுக்கைகள் இதற்காக ஒதுக்கப்படுகின்றன. அமைச்சர்கள், நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்றோருக்குக் கொடுத்தது போக மீதியை, குடும்பத்தில் துக்கம், நோய், வேலை நேர்காணல் போன்ற அவசரம் பார்த்துத் தருகிறார்கள். முதலில் காத்திருப்போர் பட்டியல் சீட்டு எடுத்து, அதன் பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. 2025 ஜூலையில் வந்த நேர வரம்பைப் பார்த்தால்தான் உண்மை புரியும். நள்ளிரவு முதல் பிற்பகல் 2 மணி வரை புறப்படும் வண்டிக்கு முந்தைய நாள் பகல் 12 மணிக்குள்ளும், அதற்குப் பிறகு நள்ளிரவு வரை புறப்படும் வண்டிக்கு முந்தைய நாள் மாலை 4 மணிக்குள்ளும் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். தட்கல் கதையும் அதேதான். வண்டி தன் முதல் நிலையத்தில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள், குளிர்வசதி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். சாவு இந்த நேரங்களைப் பார்த்து வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிதம்பரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திங்கள் மாலை 7 மணிக்குத் தந்தை இறக்கிறார். மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். ஐஸ் பெட்டி வாடகைக்கு வந்துவிட்டது. பெண் வரவேண்டும் என்பதால் செவ்வாய் மாலை எடுப்பதாகப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

மகனுக்குத் திங்கள் இரவு வண்டி வேண்டும். அதற்கான தட்கல் ஞாயிறு காலையே திறந்து தீர்ந்திருக்கும். அவசர ஒதுக்கீட்டுக்கான காலமும் ஞாயிறு மாலையோடு முடிந்தது. எஞ்சியிருப்பது பட்டியல் தயாரான பின் காலியிடத்துக்குத் தரும் கரண்ட் புக்கிங். இது வண்டி புறப்படுவதற்குச் சற்று முன்பு வரை கிடைக்கும். எழும்பூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் உழவன் விரைவு வண்டி போன்ற இரவு வண்டிகளில் வார நாட்களில் ஓரிரு இடம் தேறுவதுண்டு. அதுவும் இல்லையென்றால் முன்பதிவில்லாத சீட்டு. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: இணையத்தில் எடுத்த காத்திருப்புச் சீட்டை வைத்துக்கொண்டு நடைமேடைக்குப் போவது. பட்டியல் தயாரானபோது சீட்டில் உள்ள யாருக்கும் இடம் வராவிட்டால் அது தானே ரத்தாகிவிடும். பணம் திரும்பும், பயணம் நடக்காது; ஏறினால் சீட்டில்லாப் பயணி.

அதனால் மகன் பேருந்தையே நம்புகிறான். சரியான முடிவு அது. சிதம்பரத்துக்குத் திண்டிவனம் வழியாகவும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வழியாகவும் அரசுப் பேருந்துகள் இரவிலும் ஓடுகின்றன. பெரும்பாலானவற்றில் முன்பதிவே தேவையில்லை. திண்டிவனம் வழி வண்டிக்கு 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையம். கடற்கரைச் சாலை வண்டி எங்கே ஏற்றுகிறது என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தவறான நிலையத்தில் நின்றால் நகருக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். நேர் வண்டி இல்லாவிட்டால் புதுச்சேரி அல்லது கடலூர் போய் மாறலாம். பண்டிகை முந்தைய இரவுகளில் இந்த அறிவுரை செல்லாது. அப்போது நான்கு உறவினர் சேர்ந்து ஒருவழி வாடகைக் கார் எடுப்பதே வழி. கிலோமீட்டர் கட்டணம், சுங்கம், ஓட்டுநர் படி மூன்றையும் சேர்த்து மொத்தமாக எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும்.

மகளின் கணக்கு வேறு. சிங்கப்பூர் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. செய்தி போனபோது அங்கே இரவு 9.30. திருச்சிக்குப் பறக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். செவ்வாய் காலை 9 மணி விமானம் என்றால், இந்திய நேரம் 10.30 மணிக்குத் தரையிறங்கி, குடியேற்றச் சோதனை முடிந்து 11.30க்கு வெளியே வரலாம். அங்கிருந்து சாலையில் நான்கு மணி நேரம் வைத்தால் பிற்பகல் 3.30. சென்னை விமானத்தில் வந்தாலும் அங்கிருந்து ஐந்து மணி நேரம் வைக்க வேண்டும். அண்ணன் தொலைபேசியில் சொல்வது இவ்வளவுதான்: "ஏறிட்டேன்னு மட்டும் சொல்லும்மா. சித்தப்பாகிட்ட நாலரைன்னு சொல்லியிருக்கேன், இருட்டறதுக்குள்ள எடுக்கணும்." எடுக்கும் நேரத்தை ஒரு மணி தள்ளிவைப்பது, அடுத்த விமானத்தைத் தேடுவதைவிட எப்போதும் மலிவு. அதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, பங்காளிகளுக்கும் பழக்கமானதே.

துக்கக் கட்டணம்

உறவினர் சாவுக்காகப் பறப்பவருக்குக் கட்டணத்தில் தரும் சலுகை இது; வட அமெரிக்க விமான நிறுவனங்கள் வளர்த்த வழக்கம். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுனைடெட்டும் 2014இல் கைவிட்டன. டெல்டா, ஏர் கனடா போன்றவை தொடர்கின்றன. இணையத்தில் கிடைக்காது, தொலைபேசியில் கேட்டுத்தான் பெற வேண்டும். ஏர் கனடாவில் பயணம் முடித்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள். மலிவுக் கட்டண விமான நிறுவனங்களில் பொதுவாக இப்படி ஒன்று இல்லை.

சலுகை என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. பெரும்பாலும் அது தேதி மாற்றக்கூடிய விலை உயர்ந்த சீட்டின் மீதான தள்ளுபடி. இணையத்தில் அன்றைக்குக் கிடைக்கும் சாதாரணச் சீட்டு அதைவிடக் குறைவாக இருப்பதுண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திரும்பும் தேதி தெரியாதபோது மட்டும் முதலதை எடுப்பது லாபம்.

தொலைபேசியில் இறந்தவர் பெயர், உறவு, இறுதிச் சடங்கு நிலையத்தின் பெயரும் எண்ணும் கேட்பார்கள். சிதம்பரத்துக்காரர் தடுமாறும் இடம் இதுதான். இங்கே அப்படி ஒரு நிலையமே இல்லை. திண்ணையில் பந்தல் போட்டுக் கிடத்தியிருக்கிறார்கள். இறப்பு மருத்துவமனையில் நேர்ந்திருந்தால் அதன் பெயரும் தொலைபேசி எண்ணும் சொல்லலாம். அங்கே தரும் இறப்புக் காரணச் சான்றைப் படமெடுத்து அனுப்பலாம். வீட்டில் நேர்ந்திருந்தால் வந்து பார்த்த மருத்துவரிடம் தாளில் எழுதி முத்திரையோடு அன்றிரவே வாங்கிவிட வேண்டும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் படமெடுத்து அனுப்பியவர்களும் உண்டு. அதில் பெயரும் தேதியும் இருக்கிறது, ஆனால் விமான நிறுவனம் அதை ஏற்கும் என்று நம்பி உட்கார முடியாது.

ஏற்கெனவே வேறு தேதிக்குச் சீட்டு வைத்திருப்பவர் கேட்க வேண்டியது புதிய கட்டணமல்ல, தேதி மாற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா என்பது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் சீட்டுக்கு முன் ஓ.சி.ஐ. அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தில் அவசர விசா.

இன்று

பெங்களூரு, ஐதராபாத்திலிருந்து புதுச்சேரிக்கு 2024 டிசம்பரில் விமானம் மறுபடி தொடங்கியது. புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 65 கி.மீ. இணைய வழித் தட்கலுக்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு வேண்டும், ஆகவே சரிபார்க்காத கணக்கு அவசரத்துக்கு உதவாது. அவசர ஒதுக்கீட்டு விண்ணப்பம் எடுப்புக்குப் பயன்படாவிட்டாலும், காரியத்துக்கு வருகிறவர்களும் அது முடிந்து திரும்புகிறவர்களும் முந்தைய நாளே கொடுத்து இடம் பெறலாம்.