ஆடியில் வரும் மின்னஞ்சலும் ஐப்பசி அசோகாவும்

ஆடி பிறந்ததுமே தஞ்சை வட்டாரத்து அலுவலகங்களின் கொள்முதல் மேலாளர்களுக்கு உலர்பழ வியாபாரிகளின் மின்னஞ்சல் வரத் தொடங்கிவிடும். தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கு இப்போதே முன்பணம் கட்டினால் விலைச் சலுகை என்பார்கள். திருவையாற்று அசோகா போடுபவரோ பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் எத்தனை கிலோ என்று சொன்னால் போதும் என்பார். நிறுவனப் பணம் ஒன்றுதான், எதற்குக் கொடுப்பது?

மின்னஞ்சலில் பெட்டியின் படம் பெரிதாக இருக்கும், எடை சிறிய எழுத்தில் இருக்கும். பெட்டி 900 ரூபாய், உள்ளே நூறு நூறு கிராமாக நான்கு டப்பா என்று வைத்துக்கொள்வோம். சராசரியாகக் கிலோ 1,000 ரூபாய் என்றாலும் சரக்கு 400 ரூபாய்தான். மீதி அட்டைக்கும் ரிப்பனுக்கும் வண்டிக்கும் லாபத்துக்கும் போகிறது. 'உயர்தர முந்திரி' என்பதை அப்படியே ஏற்கக் கூடாது. டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டுக்கு 240 பருப்பு வரை. டபிள்யூ 320 என்றால் 320 வரை, அதாவது பருப்பு சிறியது. மாதிரியில் முன்னதைக் காட்டிவிட்டுப் பெட்டியில் பின்னதைப் போட்டால் கண்ணால் மட்டும் பிடிபடாது. எண்ணிப் பார்க்க வேண்டும்: 100 கிராமில் முன்னது 53க்குள் இருக்கும், பின்னது 70ஐ எட்டும்.

வரியிலும் ஒரு பொறி உண்டு. பாதாம், முந்திரி, திராட்சைக்கு இப்போது 5 சதவீத ஜிஎஸ்டி. அழகுக்காக 18 சதவீத வரியுள்ள ஒரு வாசனைத் திரவியக் குப்பியை உள்ளே வைத்து ஒரே விலை போட்டால், சட்டப்படி அது கலப்பு வழங்கல். உயர்ந்த விகிதமே முழுப் பெட்டிக்கும் விழும். 900 ரூபாய்க்கு 45 ஆக இருந்த வரி 162 ஆகும். நூறு பெட்டிக்கு 11,700 ரூபாய் கூடுதல். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடையாது.

அசோகாவில் இந்தச் சிக்கல் இல்லை. பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய் எல்லாம் சேர்த்து விலை கிலோவுக்குத்தான். அதன் குறை ஆயுள். ஈரப்பதமுள்ள பண்டம், சில நாள்தான் தாங்கும். முன்கூட்டி வாங்கி அடுக்க முடியாது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. வெள்ளிக்கிழமை கிண்டி, சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

ஆனால் உலர்பழம் கெடாது என்பதும் பாதி உண்மைதான். ஐப்பசி அடைமழையில் கிடங்கில் கிடக்கும் பெட்டியில் ஈரம் ஏறினால் முந்திரி மொறுமொறுப்பு இழந்து வளையும். காற்றுப் புகுந்து நாள்பட்ட பாதாமில் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். ஆகவே ஆடியில் விலையை மட்டும் உறுதி செய்யுங்கள். பேக்கிங் தேதி அக்டோபருக்கு முந்தியதாக இருக்கக் கூடாது என்றும், முந்திரியின் தரமும் நிகர எடையும் இன்னவை என்றும் கொள்முதல் ஆணையிலேயே எழுதுங்கள்.

என் முடிவு இது: சென்னைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் போக வேண்டிய வாடிக்கையாளர்களுக்கு உலர்பழம், கூட வேலை செய்பவர்களுக்கு அசோகா.