தேதி குறித்தவர்களும் திரும்பி வந்தவர்களும்: சோழவரம் வட்டார அழகு நிலையங்களின் மாதப் போட்டி குறித்து

அழகு நிலையங்களில் ஊழியர்களுக்கு மாதந்தோறும் வைக்கப்படும் போட்டி பெரும்பாலும் இரண்டைக் குறிவைக்கிறது. ஒன்று, ஷாம்பூ, சீரம் போன்ற பொருள்களின் விற்பனை. மற்றது, வாடிக்கையாளர் கிளம்புமுன் அடுத்த வருகைக்குத் தேதி குறித்துவிடுவது. இரண்டையும் மொத்தமாகக் கூட்டி, முதலில் வந்தவருக்குப் பரிசு தருவதே வழக்கம். அந்தக் கூட்டல் முறை வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கே சாதகமானது. வற்புறுத்தி விற்பதையும் அதுவே தூண்டுகிறது. அளவுகோலை மாற்றினால் இரண்டு குறைகளும் சேர்ந்தே குறையும் என்பது என் வாதம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கலரிங் செய்யும் மூத்த ஊழியர் ஒருவர் மாதத்தில் 120 பேரைக் கவனிக்கிறார். அவர்களில் 24 பேர் 18,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார்கள். திரெடிங்கும் முடிவெட்டும் பார்க்கும் இளையவரிடம் வருவோர் 40 பேர். 10 பேர் 5,000 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். தொகையைப் பார்த்தால் இது போட்டியே அல்ல. ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தாலும் மூத்தவருக்கு 150, இளையவருக்கு 125. கலரிங்குக்குப் பிறகு தேவைப்படும் பொருள்கள் விலை கூடியவை என்பதே இதற்குக் காரணம். திறமைக்கு இதில் பங்கில்லை. வாங்கியவர்களின் விகிதத்தை எடுத்தால் நிலை மாறுகிறது: மூத்தவருக்கு 20 சதவீதம், இளையவருக்கு 25. ஒரே ஆளின் தலையில் நான்கு பாட்டில்களைக் கட்டினாலும் இந்த விகிதம் உயராது. இந்த அளவின் பெரிய பலம் அதுதான். ஆனால் 40 பேரில் இருவர் கூடுதலாக வாங்கினாலே 5 சதவீதம் ஏறிவிடும் என்பதால், குறைந்த வாடிக்கையாளர் உள்ளவருக்கு இரண்டு மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பதே சரி.

மறுபதிவில் சிக்கல் இன்னும் ஆழமானது. தேதி குறிக்க வாடிக்கையாளருக்குச் செலவில்லை. ஊழியரின் முகத்துக்காகத் தலையாட்டிவிட்டுப் போகலாம். நம் கணக்கிலுள்ள மூத்தவர் 60 பேருக்குத் தேதி குறித்து, 24 பேர் வந்திருந்தால், அவருடைய உண்மையான விகிதம் 50 அல்ல, 20 சதவீதம். 16 பேருக்குக் குறித்து 12 பேரை வரவழைத்த இளையவருக்கு அது 30. எனவே எண்ண வேண்டியது வந்தவர்களை மட்டுமே. சோழவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இதற்கு ஒரு திருத்தமும் தேவை. ஷிப்ட் மாறும் தொழிலாளி குறித்த நாளில் வராமல் மூன்று நாள் தள்ளி வரலாம். அதை ஊழியரின் தோல்வியாகக் கொள்ளக் கூடாது. ஒரு வாரம் முன்பின் வந்தாலும் வருகை என்றே கொள்ள வேண்டும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் முடிவெட்ட வரமாட்டார்கள் என்பதால், ஆண்கள் பிரிவில் இருப்பவரை அவருடைய ஐப்பசிக் கணக்கோடு ஒப்பிடுவது அநீதி. அதே பிரிவின் அந்த மாதச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

வற்புறுத்தலின் விளைவு ஊகமல்ல. 1992இல் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனத்தின் வாகனப் பழுதுபார்ப்பு மையங்கள் தேவையற்ற வேலைகளைச் செய்து காசு வாங்கியதாகக் கலிபோர்னியா மாநில அரசு குற்றம் சாட்டியது. ஊழியருக்கு வைத்த கமிஷனும் விற்பனை இலக்குமே அதன் வேர் என்று பேசப்பட்டது. பணி ஆலோசகர்களுக்கான கமிஷனை நிறுவனம் கைவிட்டது. அங்கே ஏமாற்றத் துடித்த தனிமனிதர்களைத் தேடுவதில் பயனில்லை. அளவுகோலே அப்படிக் கேட்டது. அழகு நிலையத்தில் இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. முதன்முறை வந்தவர்களை, பொருள் வாங்கியவர், வாங்காதவர் என்று பிரித்து, இரண்டு மாதத்தில் யார் திரும்பினார்கள் என்று பாருங்கள். ஓர் ஊழியரிடம் வாங்கியவர்கள் தொடர்ந்து குறைவாகவே திரும்பினால், விற்பனையோடு வாடிக்கையாளரையும் அவர் விற்றுவிட்டார் என்று சந்தேகிக்கலாம். மாதத்தின் கடைசி மூன்று நாளில் விற்பனை குவிவதும், ஊழியரே தம் பெயரில் பில் போடுவதும் மற்ற அடையாளங்கள்.

அளவுகோலோடு, முதலில் வந்தவருக்கு மட்டும் பரிசு தரும் வழக்கமும் மாற வேண்டும். முதலிடம் இல்லாத போட்டியில் உற்சாகம் ஏது என்று முதலாளிகள் கேட்பார்கள். எட்வர்ட் லசியரும் ஷெர்வின் ரோசனும் 1981இல் முன்வைத்த போட்டிக் கோட்பாட்டின்படி, தரவரிசைப் பரிசும் உழைப்பைத் தூண்டவல்லது. ஆனால் திறமையில் சமமானவர்களிடையேதான் அது நன்றாக வேலை செய்யும். ஐந்தாறு பேர் உள்ள கடையில் முதலிடம் யாருக்கு என்று பத்தாம் தேதியே தெரிந்துவிட்டால் மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்கள். ஆகவே எல்லை வைத்து, அதைத் தாண்டிய அனைவருக்கும் பரிசு தருவதே மேல். செலவுக்கு அஞ்சுவோர் மொத்தத் தொகையை முன்கூட்டியே வரையறுத்துப் பங்கிடலாம். தாமதமான பரிசு வலுவிழக்கும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வேர்ப்பகுதிக்கு மட்டும் கலர் பூச நான்கிலிருந்து ஆறு வாரத்தில்தான் ஆள் திரும்புவார். எனவே ஜூலை மாதப் போட்டியின் முடிவு செப்டம்பர் நடுவில்தான் தெரியும். திரும்பியவர்களின் எண்ணிக்கையை வாரந்தோறும் ஊழியருக்குக் காட்டினால் இந்தக் குறை ஓரளவு தணியும்; முழுதும் தீராது. இருந்தும், மாதக் கடைசி நாளில் பரிசு அறிவிக்கும் வழக்கத்தைக் கடைக்காரர்கள் கைவிடத்தான் வேண்டும். அன்று அவர்கள் கையில் இருப்பது குறித்த தேதிகளின் கணக்கு மட்டுமே.