சதுரங்கம்: கதையும் திரையும்

தலைநகர்த் தமிழர் வீடுகளில் பிள்ளைகளுக்கு இந்தி பாடமாக இருப்பதால், பிரேம்சந்தின் பெயர் பெற்றோருக்கும் பழக்கமாகிவிடுகிறது. அவர் 1924-இல் எழுதிய ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ என்னும் சிறுகதையை 1977-இல் சத்யஜித் ராய் திரைப்படமாக்கினார். கதையையும் படத்தையும் அருகருகே வைத்துக் காணின், வரலாற்றை இருவர் இருவிதமாக நோக்கியமை புலனாகும்.

கதைக்களம் வாஜித் அலி ஷா ஆண்ட லக்னோ. மிர்ஸா, மீர் என்னும் இரு ஜாகீர்தார்கள் சதுரங்கத்தில் மூழ்கி வீட்டையும் நாட்டையும் மறக்கின்றனர். வீட்டில் ஆட இயலாது போகவே, கோமதி ஆற்றுக்கு அப்பால் பாழடைந்த மசூதி ஒன்றில் காயை நகர்த்துகின்றனர். கும்பினிப் படை நவாபைச் சிறைப்பிடித்துச் செல்வதைக் கண்டும் ஆட்டத்தை விடவில்லை. இறுதியில் ஆட்டத்தில் எழுந்த பூசலில் வாளுருவி ஒருவரையொருவர் வெட்டி மாய்கின்றனர். மன்னனுக்காகச் சிந்தாத குருதியை மரக்காய்களுக்காகச் சிந்தினர் என்பதே கதையின் அடி. பிரேம்சந்தின் சினம் அந்நியரைவிட நம்மவர்மீதே பாய்கிறது.

திரைப்படத்தில் இரு பெரும் மாற்றங்கள் உள்ளன. முதலாவது நவாபைப் பற்றியது. கதையில் சில வரிகளே பெற்ற வாஜித் அலி, படத்தில் ஏறக்குறைய நடுநாயகமாகிறார். கவிதையும் இசையும் அறிந்த அவரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமாறு ரெசிடென்ட் ஔட்ரம் நெருக்குகிறார். அவரோ கையெழுத்திட மறுத்து, முடியைக் கழற்றிக் கொடுக்கிறார். வரலாற்றிலும் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1856 பிப்ரவரியில் அயோத்தி அரசு கும்பினி வசமாயிற்று. அவர் லக்னோவை விட்டு அகன்றது அதன் பின்னரே. பிரேம்சந்த் இவற்றை ஒரே காட்சியாகச் சுருக்கினார். ராய் அவற்றை விரித்ததன் பயன், சோம்பேறிகளின் பிழையோடு கும்பினியின் சூழ்ச்சியும் கண்ணுக்குத் தெரிவதாகும்.

இரண்டாவது மாற்றம் முடிவு. படத்தில் இருவரும் மடிவதில்லை. மீர் கைத்துப்பாக்கியால் சுட்டும் மிர்ஸா உயிர் பிழைக்கிறார். பின்னர் இருவரும் மீண்டும் ஆட அமர்கின்றனர், ஆனால் ஆங்கிலேயர் முறைப்படி. நம் பழைய ஆட்டத்தில் அரசனுக்கு அருகில் நிற்பவர் மந்திரி. ஆங்கிலேயர் ஆட்டத்தில் அவ்விடம் ராணிக்கு உரியது. ஆகவே மந்திரி விலகி விக்டோரியா ராணிக்கு இடம் விடுகிறார். ஒரு நாட்டின் கைமாற்றம் ஒரு காயின் பெயர் மாற்றத்தில் அடங்கிவிடுகிறது.

இம்மாற்றம் ஏன்? இருவரும் இறந்தால் அவர்களோடு அவ்வாழ்க்கை முறையும் ஒழிந்தது என்று நாம் ஆறுதல் கொள்ளக்கூடும். உண்மையில் அத்தகையோர் பலர் புதிய ஆட்சியிலும் தம் நிலத்தோடும் பட்டத்தோடும் வாழ்ந்தனர். படத்தின் முடிவு அந்த ஆறுதலை மறுக்கிறது. கதை தண்டிக்கிறது, படம் தொடரவிடுகிறது. எது கொடிது?

கதையை முதலில் படித்துவிடுதல் நன்று, அரைமணி போதும். படத்தை முதலில் பார்த்தவர்க்கு நவாபின் துயரமே மனத்தில் நின்று, பிரேம்சந்தின் வாள் மழுங்கித் தோன்றும்.