திருவள்ளூரில் 560 பேர்

நம்மில் பலருக்கு இடது தோளில் பிசிஜி தழும்பு இருக்கும். அந்தத் தடுப்பூசியை உலகிலேயே மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம்ம திருவள்ளூர் வட்டாரம். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். கும்மிடிப்பூண்டி வேலைக்குத் தினமும் போய் வந்த எனக்கு இது ரொம்ப நாள் தெரியாது. அந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 1999-ல் வெளியானது. அதைப் படித்தபோது முதலில் எண்களைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். அதனால் இந்தக் குறிப்பு.

1968-ல் தொடங்கி 1971 வரை, ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை சுமார் 2.8 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி: சிலருக்கு முழு அளவு பிசிஜி, சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி ஊசி. இந்தப் போலி ஊசிக் குழுதான் ஒப்பீட்டுக் குழு. காசநோய் ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் கூடும் குறையும். ஊசி போட்ட ஊரையும் போடாத ஊரையும் ஒப்பிட்டிருந்தால், வித்தியாசம் ஊசியாலா, ஊராலா என்று சொல்ல முடியாது. ஒரே தெருவில், ஒரே காற்றில் மூன்று குழுவும் இருந்தால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

2.8 லட்சம் என்றதும் நான் மயங்கினேன். ஆனால் ஏற்கெனவே கிருமி தொற்றியவர்களிடம் தடுப்பூசியைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. டியூபர்குலின் தோல் சோதனையில் வீக்கம் 7 மி.மீ.க்குள் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 1,09,873 பேர். 15 ஆண்டில் அவர்களில் உறுதியாக நோய் கண்டவர்கள் 560. இந்த ஆய்வின் உண்மையான மாதிரி அளவு இந்த 560தான். நோயே வராத லட்சம் பேர் பிழைக்கோட்டைக் குறுக்குவதில்லை.

குழுக்கள் மூன்றிலும் நோய் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது பாதுகாப்பு இல்லை. "ஆய்வு சின்னது, அதனால் தெரியவில்லை" என்று சொல்லலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுலபத்துக்காக 560-ஐ மூன்றாகப் பிரித்தால் குழுவுக்கு 187. இரண்டு குழுக்களின் விகிதத்துக்கு 95 சதவீத எல்லை இப்படி வரும்:

```
exp(±1.96 × sqrt(1/187 + 1/187)) = 0.82 ... 1.22
```

அதாவது, ஊசியால் நோய் 18 சதவீதம் குறைந்திருக்கலாம், 22 சதவீதம் கூடியும் இருக்கலாம். அதைத் தாண்டிப் போக வாய்ப்பு குறைவு. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில் பாதுகாப்பு முக்கால் பங்குக்கு மேல். இங்கேயும் அப்படி வேலை செய்திருந்தால், போலி ஊசிக் குழுவில் 187 பேர் என்றால் பிசிஜி குழுவில் ஐம்பதுக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அது கண்ணிலிருந்து தப்பாது. ஆகவே இது "தெரியவில்லை" என்ற முடிவு இல்லை, "பெரிய பாதுகாப்பு இல்லை" என்றே அடித்துச் சொல்லும் முடிவு.

அதே கட்டுரையில் குழந்தைகளுக்கு மட்டும் 27 சதவீதம் பாதுகாப்பு என்று ஒரு எண் வருகிறது. பக்கத்தில் எல்லை: -8 முதல் 50 வரை. நான் 27-ஐப் பிடித்துக்கொண்டு "ஓ, குழந்தைகளுக்கு வேலை செய்கிறது" என்று நண்பரிடம் அளந்துவிட்டேன். எல்லைக்குள் பூஜ்யமும் இருக்கிறது, பாதியும் இருக்கிறது. இந்த அகலத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன்: மொத்தம் நூறு சொச்சம் நோயாளிகள் இருந்தால்தான் இவ்வளவு அகலம் வரும் (இது என் உத்தேசம், கட்டுரையின் எண் இல்லை). 560-ல் கிடைத்த உறுதி நூறில் கிடைக்காது. பெரிய ஆய்வுக்குள் ஒரு வயதை மட்டும் பிரித்து எடுத்தால், அது சின்ன ஆய்வாகிவிடுகிறது.

ஏன் பிரிட்டனில் வேலை செய்தது இங்கே செய்யவில்லை? நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் முன்பே நம் உடலைப் பழக்கிவிடுகின்றன, அதனால் ஊசிக்குச் செய்ய மிச்சம் ஏதும் இல்லை என்பது பலரும் சொல்லும் விளக்கம். அதை இந்தக் குலுக்கல் நிரூபிக்காது. குலுக்கியது ஊசியைத்தான், மண்ணை இல்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கே முக்கியமாகத் தேடியது சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோய். கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோய்க்கு எதிராகப் பிசிஜி காப்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறந்த உடனே இன்றும் அதைப் போடுவதற்குக் காரணம் அதுதான். அந்தக் கேள்விக்கு 560-ல் பதில் இல்லை.

நண்பரைக் கூப்பிட்டு 27-ஐத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "அப்போ குழந்தைகளுக்கு வேலை செய்யலையா?" என்றார். அதையும் சொல்ல முடியாது என்றேன். போனை வைத்துவிட்டார்.