அமுக்கம், தொய்வு, நூல்: பெல்ட், செயின் பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழாக்குதல்

பெல்ட்டையும் செயினையும் இறுக்கி நேராக்கும் முறை இயந்திரக் கையேடுகளில் பெரும்பாலும் ஓரிரு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். அதைத் தமிழாக்கும்போது எழும் விவாதம் ‘புல்லி’யா ‘கப்பி’யா, ‘செயின்’னா ‘சங்கிலி’யா என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. எந்தச் சொல்லைப் போட்டாலும் ஃபிட்டர் பொருளை அடையாளம் கண்டுகொள்வார். படமும் இயந்திரமும் எதிரே இருக்கும்போது பெயரால் தவறு நேர்வது அரிது. தவறு நேரும் இடங்கள் வேறு: எதை நிலையாக வைத்துக்கொண்டு எதை அளப்பது, எங்கிருந்து எங்குவரை அளப்பது என்பவை. ஆங்கில மூலம் இவ்விரண்டையும் பெயர்ச்சொற்களை அடுக்கி அவற்றுக்குள் புதைத்து வைக்கிறது. அந்த அடுக்கைத் தமிழிலும் பெயர்ச்சொல் அடுக்காகவே கொடுத்தால், கலைச்சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும் குறிப்பு தவறிவிடும்.

ஒரு காற்றூதியை எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் புல்லியின் விட்டம் 200 மிமீ, ஊதியின் புல்லி 400 மிமீ, சாஃப்ட்டுகளின் மையங்களுக்கு இடையே 800 மிமீ, எஸ்பிபி வகை வி-பெல்ட் இரண்டு. கையேடு சொல்வது இது: புல்லிகளுக்கு இடையே பெல்ட் ஓடும் நீளத்தில் மீட்டருக்கு 16 மிமீ வீதம் பெல்ட்டை நடுவில் உள்ளே தள்ளுவதற்குத் தேவையான விசை 45 முதல் 65 நியூட்டனுக்குள் இருக்க வேண்டும்.

இதன் நேர்மொழிபெயர்ப்பு ‘மீட்டருக்கு 16 மிமீ விலகலுக்கான விசை 45–65 நியூட்டன்’ என்று அமையும். சொல்லளவில் பிழை எதுவும் இல்லை. ஆனால் படிக்கும் ஃபிட்டரின் கையில் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். அமுக்கும் விசையை அவர் நிலையாக வைத்துக்கொள்கிறார் (அப்படித்தான் நினைக்கிறார்), இறக்கத்தை அளக்கிறார். கையேடு கேட்பது இதற்கு நேர்மாறு. இறக்கம் முன்பே தீர்மானமாகிவிட்டது. அளக்க வேண்டியது விசை. ‘விலகலுக்கான விசை’ என்ற தொடரைப் படித்ததும் பழைய பழக்கம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பெல்ட்டை அமுக்கினார், ஏறத்தாழ 13 மிமீ இறங்கியது, சரி என்று எழுந்துவிட்டார். எவ்வளவு அழுத்தி அமுக்கினார் என்பது எங்கும் பதிவாகவில்லை. பலமாக அழுத்துபவர் கையில் முறுக்கேறிய பெல்ட்கூட 13 மிமீ இறங்கும்.

பெயர்த்தொடரைக் குலைத்து வினைகளாக்கினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ‘பெல்ட்டின் நடுவில் தராசைக் கொக்கியிட்டு, பெல்ட் 13 மிமீ உள்ளே வரும் வரை நேர்செங்குத்தாக இழுக்கவும். அந்த இடத்தில் நிறுத்தித் தராசைப் படிக்கவும். 4.6 கிலோவுக்குக் குறைவாகக் காட்டினால் பெல்ட் லூஸ், 6.6 கிலோவுக்கு மேல் காட்டினால் டைட்.’ மூலத்தைவிட இது நீளம்தான். ஆனால் ‘வரும் வரை’ என்ற இரண்டு சொற்கள் எது நிலையானது, எது அளக்கப்படுவது என்பதைத் தீர்த்துவிடுகின்றன. நியூட்டனைக் கிலோவாக்கியதற்கும் காரணம் உண்டு. பல பணிமனைகளில் இருப்பது கிலோவில் அளவு போட்ட ஸ்பிரிங் தராசு. 45 நியூட்டனை 9.81 ஆல் வகுக்கும் வேலையை மொழிபெயர்ப்பாளர் மேசையில் செய்துவிடலாம். ஃபிட்டர் மோட்டார் அருகே குனிந்துகொண்டு செய்ய வேண்டியதில்லை.

பேனா வடிவ டென்ஷன் கேஜ் இருக்கும் இடத்திலும் வரிசை இதுவே. கேஜின் உடலில் உள்ள ரப்பர் வளையத்தை முதலில் 13 மிமீ கோட்டில் வைக்க வேண்டும். அந்த வளையம் பக்கத்துப் பெல்ட்டின் மேல்மட்டத்துக்கு வரும் வரை அமுக்கி எடுத்தால், தண்டில் உள்ள சிறிய வளையம் விசை காட்டும் இடத்தில் நின்றிருக்கும். கருவியே இறக்கத்தை நிலையாக வைத்து விசையைப் படிக்கும்படி செய்யப்பட்டது.

பெல்ட் ஓடும் நீளத்தை ‘மைய தூரம்’ என்று மொழிபெயர்ப்பது அடிக்கடி சுட்டப்படும் பிழை. புல்லியைப் பெல்ட் தொட்டு விலகும் புள்ளியிலிருந்து அடுத்த புல்லியைத் தொடும் புள்ளிவரை உள்ள நீளம் அது. இந்த ஊதியில் அது 794 மிமீ. மைய தூரத்தோடு உள்ள வேறுபாடு 6 மிமீ. நடைமுறையில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு புல்லி மிகப் பெரிதாகவும் மற்றது மிகச் சிறிதாகவும் அருகருகே இருக்கும்போதுதான் அது உறுத்தும். பிழை என்பதால் திருத்தலாம். அதற்காகச் சண்டையிடத் தேவையில்லை.

சண்டையிட வேண்டிய சொல் ‘டென்ஷன்’. அன்றாடத் தமிழில் அது மன உளைச்சல். பணிமனையில் பெல்ட் ‘டைட்’ அல்லது ‘லூஸ்’. பாடநூல் தரும் ‘இழுவிசை’ பெல்ட்டுக்குள் நீளவாக்கில் ஓடும் விசையைக் குறிக்கச் சரியான சொல்தான். ஆனால் ஃபிட்டர் தராசில் படிப்பது அதுவன்று. பெல்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை. இரண்டுக்கும் உள்ள விகிதம் சிறியதன்று. நீளத்தில் மீட்டருக்கு 16 மிமீ தள்ளும்போது, பெல்ட்டின் விறைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், உள்ளே உள்ள இழுவிசை தள்ளும் விசையைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு. தராசில் 55 நியூட்டன் என்றால் பெல்ட்டுக்குள் சுமார் 860 நியூட்டன். அட்டவணையின் தலைப்பில் ‘இழுவிசை 45–65 நியூட்டன்’ என்று அச்சிட்டுவிட்டால், பெல்ட்டைத் தட்டி அதிர்வெண்ணிலிருந்து இழுவிசையைக் கணக்கிடும் மீட்டரை வைத்திருப்பவர் 860 என்று படிக்கும் சரியான பெல்ட்டைத் தளர்த்தத் தொடங்குவார். ‘அமுக்கு விசை’, ‘தள்ளு விசை’ என்று எதையேனும் ஒன்றை அட்டவணைக்கு வைத்துக்கொண்டு, ‘இழுவிசை’யை அதன் உண்மைப் பொருளுக்கு ஒதுக்குவதே முறை.

புதுப் பெல்ட்டைச் சில மணி நேரம் ஓடவிட்ட பிறகு செய்ய வேண்டியதைக் கையேடு ஒரே சொல்லில் சொல்லும். அது ‘மீண்டும் இறுக்கவும்’ என்று தமிழாகும்போது அளவீடு காணாமல் போகிறது. புதுப் பெல்ட் பள்ளத்தில் படிந்து சற்று நீள்வதால் அதை முதலில் மேல் எல்லைக்கு அருகே வைப்பது வழக்கம். ஓடியபின் விசை குறைவது இயல்பு. கீழ் எல்லைக்கு வந்திராத பெல்ட்டை மறுபடி இறுக்கினால் சுமை பேரிங்கின் மேல் ஏறும். ‘மீண்டும் அளக்கவும், குறைந்திருந்தால் மட்டும் இறுக்கவும்’ என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

செயினுக்கு வரும்போது ஆங்கிலம் அதே ‘டென்ஷன்’ என்ற தலைப்பைப் போடுகிறது, வேலை வேறு. வி-பெல்ட் உராய்வால் இழுக்கிறது, ஆகவே முன்கூட்டியே இறுக்கி வைக்க வேண்டும். ரோலர் செயின் பல்லில் மாட்டி இழுக்கிறது. அதற்கு முன் இறுக்கம் தேவையில்லை, தளர்வு தேவை. ‘செயின் இறுக்கம்’ என்ற தலைப்பின் கீழ் வேலை செய்பவர் இறுக்கத்தான் செய்வார். அளவுக்கு மீறி இறுகிய செயினில் பின்னும் புஷ்ஷும் தேயும், பேரிங் சூடாகும். ‘செயினின் தளர்வைச் சரிசெய்தல்’ என்று தலைப்பை மாற்றுவது மூலத்தை மீறுவதாகத் தோன்றலாம். மூலம் செய்யச் சொல்வது அதைத்தான்.

தளர்வின் அளவிலும் ஒரு கண்ணி உண்டு. கிடைமட்டமாக ஓடும் செயினில், நடுவிலுள்ள மொத்த அசைவு மைய தூரத்தில் 4 முதல் 6 சதவீதம் வரை இருக்கலாம் என்பது பரவலான விதி. 800 மிமீக்கு அது 32 முதல் 48 மிமீ. இந்த எண் எங்கிருந்து எங்குவரை என்பதுதான் கேள்வி. ஒரு ஸ்பிராக்கெட்டைத் திருப்பி ஒரு பக்கச் செயினை விறைப்பாக்கிய பிறகு, மறுபக்கத்தைக் கையால் மேலே முடிந்தவரை தூக்கி, பிறகு கீழே முடிந்தவரை அமுக்கி, அந்த உச்சத்துக்கும் இந்த அடிக்கும் இடையே அளப்பது மொத்த அசைவு. தமிழில் இதற்கு ‘தொய்வு’ என்று எழுதினால் வாசகர் செய்வது வேறொன்று: நேர்ப்பட்டையை இரு ஸ்பிராக்கெட்டுகளின் மேலும் வைத்து, அதற்குக் கீழே செயின் எவ்வளவு தொங்குகிறது என்று பார்ப்பார். தொய்வு என்ற சொல்லுக்கு இயல்பான பொருளே அதுதான். நேர்க்கோட்டிலிருந்து ஒரு பக்கம் மட்டும் 40 மிமீ விட்டால் மொத்த அசைவு ஏறத்தாழ 80 மிமீ ஆகிவிடும், அதாவது 10 சதவீதம். அத்தகைய செயின் இயந்திரத்தைத் தொடங்கும்போது சாட்டைபோல் அடிக்கும். பல் தாண்டவும் கூடும். ‘மேலிருந்து கீழ்வரை மொத்தம் 32–48 மிமீ ஆட வேண்டும்’ என்ற எளிய தொடர் இதைத் தவிர்க்கிறது. பெல்ட்டின் 13 மிமீ நேர்க்கோட்டிலிருந்து ஒரு பக்கம் மட்டும் அளப்பது. செயினின் 40 மிமீ இரு பக்கமும் சேர்த்து அளப்பது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடும் கையேட்டில் இந்த வேறுபாடு நிற்காது.

நேராக்கும் பகுதியில் ஆங்கிலம் பிழைகளை இருவகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஒன்றின் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘இணைப் பிசகு’ என்று வரும். இணை என்றால் ஜோடி என்றும் பொருள். அதைவிட மோசம், சாஃப்ட்டுகள் இணையாக இல்லை என்ற எண்ணத்தை அது தருகிறது. உண்மையில் அந்தப் பெயர் குறிப்பது சாஃப்ட்டுகள் இணையாகவே இருந்து, ஒரு புல்லி மட்டும் உள்ளேயோ வெளியேயோ தள்ளியிருக்கும் நிலையை. பெயரை விட்டுவிட்டு, நூல் பிடித்தால் எப்படித் தெரியும் என்று எழுதுவது மேல். நூலை ஊதிப் புல்லியின் முகத்தில் இரு விளிம்பும் தொடும்படி இழுத்து மோட்டார் புல்லிவரை கொண்டுபோனால், அங்கே முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் 3 மிமீ இடைவெளி இருந்தால் புல்லி தள்ளியிருக்கிறது. சாஃப்ட்டின் மேல் நகர்த்த வேண்டும். முன்னே 1.5, பின்னே 4.5 என்றால் மோட்டார் திரும்பியிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி அதைத் திருப்ப வேண்டும். இரண்டிலும் சராசரி 3 மிமீதான். ஆனால் வி-பெல்ட்டுக்கு வழக்கமாகத் தரப்படும் அரை டிகிரி எல்லை மீட்டருக்கு சுமார் 8.7 மிமீ. முதல் நிலையில் 800 மிமீக்கு 3 மிமீ, அதாவது மீட்டருக்கு 4 மிமீகூட இல்லை. இரண்டாவதில் 200 மிமீ விட்டத்துக்குள் 3 மிமீ, அதாவது மீட்டருக்கு 15. டிகிரியில் மட்டும் எல்லையை எழுதி வைத்தால் நூலும் ஸ்கேலும் வைத்திருப்பவருக்கு அது பயன்படாது. இரு புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறாக இருந்தால் முகத்தை நம்பக் கூடாது, பள்ளத்தைத்தான் நேராக்க வேண்டும் என்பதையும் அதே இடத்தில் சேர்க்க வேண்டும்.

இங்கே ‘நூல்’ என்ற சொல்லுக்கு ஒரு எச்சரிக்கை. தச்சர், ஃபிட்டர் பேச்சில் அது கயிறு மட்டுமன்று, கால் அங்குலத்தில் பாதியும்கூட. ‘நூலுக்கும் புல்லிக்கும் ஒரு நூல் இடைவெளி’ என்று சொன்னால் பேச்சில் விளங்கும். கையேட்டில் 3 மிமீ என்றே இருக்கட்டும்.

கையேடுகள் நேராக்குவதை முதலிலும் இறுக்குவதை அடுத்தும் வைக்கின்றன. மொழிபெயர்ப்பும் அந்த வரிசையில் நின்றுவிடும். ஆனால் மோட்டார் சறுக்கு ரெயிலில் இரண்டு தள்ளு போல்ட்கள் உண்டு. கைக்கு எட்டும் ஒன்றை மட்டும் திருகி பெல்ட்டை இறுக்கினால் மோட்டார் அந்தப் பக்கம் முன்னேறி, சற்றுமுன் நேராக்கிய புல்லி மறுபடி திரும்பிவிடும். அதனால் இறுக்கும் பகுதியின் கடைசி வரி, மூலத்தில் இல்லாவிட்டாலும், தமிழில் இப்படி இருக்க வேண்டும்: ‘இரு போல்ட்களையும் மாற்றி மாற்றிச் சம அளவு திருகவும், அடிப்போல்ட்களை முறுக்கிய பிறகு மீண்டும் நூல் பிடித்துப் பார்க்கவும்.’