தேக்கி வைப்பதா, காய்ச்சலும் பாய்ச்சலுமா? குறுவை நெல்லுக்கு இரண்டு நீர்முறைகள்

போர் தண்ணீரில் குறுவை போடும் விவசாயிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. நட்ட நாள் முதல் அறுப்புக்கு முன்பு வரை வயலில் தண்ணீரைத் தேக்கியே வைப்பது ஒன்று. தண்ணீர் மண்ணுக்குள் வற்றிய பிறகு மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை இன்னொன்று. எதில் மகசூல் கூடும் என்று கேட்பதைவிட, தேங்கிய தண்ணீர் நெல்லுக்கு என்னென்ன வேலை செய்கிறது என்று கேட்பது பயன் தரும். தண்ணீரை வற்றவிட்டால் அந்த வேலைகளை நாம்தான் செய்தாக வேண்டும்.

தண்ணீர் எங்கே போகிறது?

தேங்கிய வயலில் தண்ணீர் மூன்று வழியில் குறைகிறது. பயிர் குடிக்கிறது, வெயில் உறிஞ்சுகிறது, மீதி மண்ணுக்குள் இறங்குகிறது அல்லது வரப்பில் கசிகிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் முக்கியமாக மிச்சமாவது இந்த மூன்றாவது பங்குதான். மேலே தண்ணீர் உயரமாக நின்றால் கீழே இறங்கும் வேகமும் கூடும். தண்ணீர் இல்லாத நாட்களில் அந்த இழப்பு குறைகிறது. பயிர் குடிக்கும் அளவு பெரிதாக மாறுவதில்லை. முறையாகச் செய்தால் மகசூல் குறையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு ஏக்கரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். உங்கள் மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்பதை 200 லிட்டர் டிரம்மை வைத்தே அறியலாம். 20 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 10 லிட்டர், அதாவது மணிக்கு 36,000 லிட்டர். அந்த மோட்டார் 5 செ.மீ. தண்ணீர் கட்ட ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட வேண்டும்.

களிமண் வயலில் நாளொன்றுக்கு 1 செ.மீ. குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தேக்கும் முறையில் 5 நாளுக்கு ஒரு பாய்ச்சல். வயலை வற்றவிடத் தொடங்கும் 15ஆம் நாளிலிருந்து பூக்கும் சமயம் நெருங்கும் 48ஆம் நாள் வரை, நட்ட நாள் கணக்கில், ஏழு பாய்ச்சல், சுமார் 39 மணி நேரம். மற்ற முறையில் மேல்தண்ணீர் வற்ற 5 நாள், மண்ணுக்குள் 15 செ.மீ. இறங்க மேலும் 4 நாள், ஆக 9 நாளுக்கு ஒரு பாய்ச்சல். அதே காலத்துக்கு நான்கு பாய்ச்சல் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் காய்ந்த மண்ணின் துளைகள் நிறைய ஏறத்தாழ 2 செ.மீ. கூடுதலாகத் தண்ணீர் செல்லும். மொத்தம் 30 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பாய்ச்சலின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானாலும் மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் வருகிறது. மின்சாரம் இலவசம் என்பதால் இந்த மிச்சம் பணமாகக் கையில் நிற்காது. மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் இன்னொரு வயலுக்குத் தண்ணீர் விடலாம், போரின் நீர்மட்டமும் தாங்கும். லாபம் அங்கேதான்.

கண்ணால் பார்ப்பதும் குழாயால் பார்ப்பதும்

தேக்கும் முறைக்குக் கண் போதும். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் கண்ணை நம்ப முடியாது. மேல்மண் காய்ந்து தெரியும்போதே ஒரு சாண் கீழே ஈரம் நிறைய இருக்கலாம். அதைப் பார்க்க ஒரு துண்டு பி.வி.சி. குழாய் வேண்டும். நீளம் 40 செ.மீ., அகலம் 4 முதல் 6 அங்குலம். கீழ்ப்பாதியில் சுற்றிலும் சிறு துளைகள் போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கிவிட்டு, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். வரப்பிலிருந்து சற்றுத் தள்ளி, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில் வைக்கவும்.

தண்ணீர் விட்டதும் குழாயின் உள்ளும் வெளியும் ஒரே மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் துளை அடைத்திருக்கிறது. பிறகு ஒரு குச்சியை உள்ளே விட்டு அளந்தால், மண்மட்டத்துக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சவும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பாதுகாப்பான எல்லையாகச் சொல்வது இந்த 15 செ.மீ.தான்.

களிமண்ணில் முடி போன்ற வெடிப்பு வருவது இயல்பு. விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பு வழியே நேராகக் கீழே ஓடிவிடும், மிச்சம் பிடித்ததும் அதோடு போய்விடும்.

தேங்கிய தண்ணீர் செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, களையை அடக்குவது. பல களை விதைகள் தண்ணீருக்கு அடியில் முளைப்பதில்லை. ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலும் முறையிலும் நட்டு இரண்டு வாரம் வரை தண்ணீர் மெல்லிய அளவில் நின்றபடி இருக்க வேண்டும். நாற்று வேர் பிடிக்கவும் இதுவே உதவும். களை மிகுந்த வயலில் மூன்று வாரம்கூடத் தள்ளிப்போடலாம்.

இரண்டாவது, தழைச்சத்து. தேங்கிய தண்ணீரில் யூரியாவைத் தூவினால் அதில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். மாறாக, வயல் காய்ந்து நனைந்து காய்ந்து நனையும்போது மண்ணில் நைட்ரேட்டாக மாறிய சத்து, மறுபடி தண்ணீர் கட்டியதும் வாயுவாகி இழப்பாகும். இரண்டு முறையிலும் இழப்பு உண்டு. காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் ஒரு வசதி இருக்கிறது: மேலுரத்தைப் பாய்ச்சலுக்குச் சற்று முன், மேலே தண்ணீர் இல்லாத மண்ணில் தூவிவிட்டு உடனே தண்ணீர் விடலாம். தண்ணீரோடு யூரியாவும் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது இங்கே இன்னும் அவசியம்.

மூன்றாவது, பூக்கும் சமயத்துக்கான காவல். பூக்கும்போது நெல் வறட்சியைத் தாங்காது, பதர் கூடிவிடும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் நின்றே ஆக வேண்டும். 110 நாள் ரகத்தை 25 நாள் நாற்றாக நட்டிருந்தால், நட்டு சுமார் 55 நாளில் பூக்கும். 48 முதல் 62ஆம் நாள் வரை குழாயை மறந்துவிடலாம். இந்த இரண்டு வாரத்தில் இரண்டு முறைகளும் ஒன்றுதான்.

எங்கே எது?

போர் தண்ணீர், சமமான வயல், களி கலந்த மண், மழை குறைந்த குறுவை அல்லது நவரைப் பட்டம்: இவை சேர்ந்தால் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைத் தயங்காமல் எடுக்கலாம். சம்பாவில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது வயல் வற்றாது, குழாய்க்கு வேலையே இருக்காது.

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும் ஊரில் கவனம் தேவை. அடுத்த முறை எந்த நாளில் வரும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 15 செ.மீ. வரை காத்திருக்கக் கூடாது. ஒரு வயலின் தண்ணீர் இன்னொரு வயலுக்குப் பாயும் இடத்தில் பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்தால்தான் நடக்கும்.

கடலோர உவர் நிலத்தில் தேக்குவதே சரி. நிற்கும் தண்ணீர் உப்பைக் கரைத்துக் கீழே அழுத்தி வைக்கிறது. காயவிட்டால் உப்பு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும், நாற்றின் இலை நுனி கருகும். தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும் மணல் வயலிலும் இந்த முறை பலன் தராது. 15 செ.மீ. இறங்குவதற்குள் பயிர் வாடிவிடலாம்.

முதல் பட்டத்தில் முழு நிலத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அருகருகே இருக்கும் இரண்டு வயல்களில் ஒன்றைத் தேக்கியும் மற்றதைக் குழாய் வைத்தும் நடத்துங்கள். இரண்டுக்கும் மோட்டார் ஓடிய மணி நேரத்தையும் களை எடுக்க ஆன கூலியையும் அறுத்த மூட்டைகளையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். மணி நேரம் குறைந்து, களைக்கூலி அதிகம் ஏறாமல், மூட்டை குறையாமல் இருந்தால் அடுத்த குறுவைக்கு மீதி வயலையும் மாற்றலாம். களைக்கூலி மட்டும் ஏறியிருந்தால், முறையைக் கைவிடாமல் தேக்கும் காலத்தை முதல் மூன்று வாரத்துக்கு நீட்டிப் பாருங்கள்.